வளையம் மாட்டியும் துடிப்பு தலைகீழாகவே திரும்பி வருகிறது, ஏன்?

கரும்பலகை எழுதியது:

பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அலைகள் பாடம் நடத்துகிறேன். கட்டிய முனையில் துடிப்பு தலைகீழாகத் திரும்பும், கட்டற்ற முனையில் நேராகவே திரும்பும் என்று வாயால் சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லை. செய்து காட்டலாம் என்று பள்ளி வராந்தாவில் ஏற்பாடு செய்தேன்.

துணி காயப்போடும் நைலான் கயிறு 8 மீட்டர். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் இறுக்கிக் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒரு சுண்டு சுண்டினேன். துடிப்பு ஓடிப்போய்க் கம்பியில் முட்டித் தலைகீழாகத் திரும்பியது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அடுத்து கட்டற்ற முனை. இரண்டு ஸ்டாண்டுக்கு நடுவே ஒரு இரும்புக் கம்பியைப் படுக்கவைத்து, அதில் ஒரு இரும்பு வளையத்தை மாட்டி, கயிற்றின் முனையை வளையத்தில் கட்டினேன். கயிறு சுண்டப்படும் திசையில் வளையம் கம்பியோடு சறுக்க வேண்டும். சுண்டினேன். துடிப்பு அப்போதும் தலைகீழாகத்தான் வந்தது. நாலு முறை செய்தேன், நாலு முறையும் அப்படியே. "அப்ப புத்தகம் தப்பா மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. நாளைக்குப் பதிலோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எங்கே தவறு செய்தேன்?

சைக்கிள்கடை எழுதியது:

டீச்சர், இது உராய்வுதான். கட்டிய முனையில் கயிறு ஆணியை ஒரு பக்கம் இழுக்குது, ஆணி கயிற்றை எதிர்ப்பக்கம் இழுக்குது. அந்த எதிர் இழுப்புதான் துடிப்பைக் கவிழ்க்குது. வளையம் சறுக்காம கம்பியிலேயே நின்னா அதுவும் ஆணி மாதிரிதான். கம்பியை உப்புத்தாள் போட்டுத் தேச்சு, ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க. சரியாயிடும்.

பதினொண்ணு பி எழுதியது:

எனக்கும் இதே சந்தேகம். மாதத் தேர்வில் முன்பக்கம் செங்குத்தாகவும் பின்பக்கம் சரிவாகவும் ஒரு துடிப்பை வரைந்து, கட்டிய முனையில் பட்டுத் திரும்பினால் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தார்கள். நான் அப்படியே கீழ்ப்பக்கமாகக் கவிழ்த்து வரைந்தேன். மதிப்பெண் தரவில்லை. தலைகீழ் என்றால் கவிழ்ப்பதுதானே?

பழைய லேப் எழுதியது:

தம்பி, டீச்சர் கேட்டது வேற, ஆனா உன் கேள்விக்குச் சீக்கிரம் பதில் சொல்லிடலாம். துடிப்பில் முதலில் சுவரைத் தொட்ட பக்கம்தான் முதலில் திரும்பும். போகும்போது செங்குத்துப் பக்கம் முன்னால இருந்தா, வரும்போதும் அதுதான் முன்னால இருக்கணும். ஆனா வரும் திசை மாறிடுச்சு. அதனால படத்தில் வலப்பக்கம் இருந்த செங்குத்து, இடப்பக்கம் போயிடும். நீ மேல் கீழை மட்டும் மாத்தி, இட வலத்தை விட்டுட்ட. தாளில் வரைஞ்சு, தாளையே அரைச்சுத்து சுத்திப் பார். கட்டிய முனையிலிருந்து வர்றது அதுதான். கட்டற்ற முனையில் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இட வலம் மட்டும் மாறும்.

டீச்சர், எண்ணெய் விட்டுப் பார்த்தீங்களா? கூடவே மூணு விஷயம் அளந்து சொல்லுங்க. கயிறு எத்தனை கிராம், வளையம் எத்தனை கிராம், துடிப்பு தோராயமா எவ்வளவு நீளம்.

கரும்பலகை எழுதியது:

எண்ணெய் விட்டேன். அதற்கு முன்னால் வளையம் அசையவே இல்லை என்பது கைப்பேசியில் எடுத்த மெதுவோட்டப் படத்தில் தெரிந்தது. எண்ணெய் விட்ட பிறகு ஒன்றரை சென்டிமீட்டர் போல நகர்கிறது. ஆனாலும் துடிப்பு தலைகீழாகத்தான் வருகிறது.

கயிறு மொத்தம் 80 கிராம். வளையம் 100 கிராம். சுருள்வில் தராசை மாட்டி இழுத்தபோது இழுவிசை 4 நியூட்டன். சுண்டும் உயரம் 10 சென்டிமீட்டர். நொடிக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசியில் துடிப்பு 8 மீட்டரைக் கடக்க 96 படம் ஆகிறது. கையை எடுத்துக்கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர 24 படம். அப்படியென்றால் துடிப்பின் நீளம் 2 மீட்டர் வரும்.

பழைய லேப் எழுதியது:

அருமையா அளந்திருக்கீங்க. 96 படம்னா 0.4 நொடி, வேகம் நொடிக்கு 20 மீட்டர். கணக்குப்படியும் அதேதான் வரணும்: கயிறு மீட்டருக்கு 10 கிராம், இழுவிசை 4 நியூட்டன், 4-ஐ 0.01-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தா 20. உங்க அளவை நம்பலாம்.

இப்ப வளையத்தைப் பாருங்க. துடிப்பு 2 மீட்டர் நீளம்னா அதுக்குள்ள இருக்கிற கயிறு 20 கிராம். அதுவும் நடுவில்தான் உச்சம், ரெண்டு ஓரமும் தாழ்வு. அதனால பத்து கிராம் கயிறு முழு உயரத்துக்கு எழும்பின மாதிரின்னு வச்சுக்கலாம். அந்தப் பத்து கிராம் வந்து நூறு கிராம் வளையத்தைத் தள்ளுது. வளையம் மெல்லக் கிளம்பறதுக்குள்ள துடிப்பு வந்து முடிஞ்சு போயிடுது. கயிற்றைப் பொறுத்தவரை அந்த வளையமும் ஆணியும் ஒண்ணுதான்.

கட்டற்ற முனையில் நடக்கிறது என்னன்னா, கயிற்றின் ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை இழுத்துக் கிளப்பிவிட்டு, அந்த வேலையிலேயே தன் வேகத்தை இழந்து நிக்குது. கடைசித் துண்டுக்கு முன்னால இழுக்க வேண்டியது எதுவும் இல்லை. அதனால நிக்க வேண்டிய உயரத்தில் நிக்காம, ரெண்டு மடங்கு வரைக்கும் போகுது. உங்க 10 சென்டிமீட்டர் துடிப்புக்கு முனை 20 சென்டிமீட்டர் போகணும். அந்த அதிக உயரம்தான் கயிற்றை அதே பக்கம் இழுத்து நேரான துடிப்பைத் திருப்பி அனுப்புது. முனை 20 போகாட்டி முழு உயரத்தில் நேரான துடிப்பு கிடையாது.

நூறு கிராம் வளையம் எவ்வளவு போகும்? உராய்வே இல்லைன்னா, துடிப்பு உயரத்தைப் போல ரெண்டு மடங்கை பத்துக்கு நூறு என்ற விகிதத்தால் குறைச்சுக்கோங்க. 20-இல் பத்தில் ஒரு பங்கு, 2 சென்டிமீட்டர். நீங்க பார்த்தது ஒன்றரை. மீதியை எண்ணெய்க்கு அப்புறமும் இருக்கிற உராய்வு தின்னிருக்கும்.

இன்னொண்ணு. தலைகீழ் துடிப்பு போனதும் வளையம் அந்த ரெண்டு சென்டிமீட்டரிலிருந்து உடனே திரும்பாது. சுமார் அரை நொடி எடுத்து மெல்ல மெல்லத் திரும்பும். அது வரைக்கும் கயிற்றில் நேர்ப்பக்கமா தாழ்வான ஒரு நீண்ட வால் போய்க்கிட்டே இருக்கும். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் அரை நொடின்னா 10 மீட்டர். உங்க கயிறே 8 மீட்டர்தான். அதனால கண்ணுக்கு அது வாலாகவே தெரியாது, கயிறு கொஞ்சம் ஒதுங்கி நிக்கிற மாதிரி இருக்கும். புத்தகம் சொன்ன நேரான துடிப்பு காணாம போகலை, நீட்டி மெலிஞ்சு கிடக்குது.

சைக்கிள்கடை எழுதியது:

அப்ப நான் சொன்ன உராய்வு தப்பா? எண்ணெய் விட்டதும்தானே வளையம் நகர்ந்துச்சு?

சரி, எடைதான் காரணம்னா, கயிற்றை இன்னும் பலமா இழுத்துப் பிடிச்சா போதாதா? அதிக விசை, வளையம் வேகமா கிளம்பும்.

பழைய லேப் எழுதியது:

தப்பே இல்லை. உங்க வளையத்துக்கு ரெண்டு நோய், நீங்க ஒண்ணைச் சரியாப் பிடிச்சீங்க. நான் முதலில் எடையை மட்டும்தான் நினைச்சேன். எண்ணெய்க்கு முன்னால வளையம் அசையவே இல்லைன்னு டீச்சர் சொன்ன பிறகுதான் உராய்வையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கயிறு வளையத்தைக் கம்பியோடு சேர்த்து 4 நியூட்டனில் இழுத்துப் பிடிச்சிருக்கு. உராய்வு அதில் ஒரு பங்கு. துடிப்பு வளையத்தைப் பக்கவாட்டில் தள்ளுற விசையும் இழுவிசையில் ஒரு பங்குதான். எவ்வளவு பங்குன்னா, துடிப்பின் சரிவைப் போல ரெண்டு மடங்கு. டீச்சர் துடிப்பு ஒரு மீட்டரில் 10 சென்டிமீட்டர் ஏறுது, சரிவு பத்தில் ஒண்ணு. ரெண்டு மடங்கு 0.2. கம்பிக்கும் வளையத்துக்கும் உள்ள உராய்வுக் கெழு 0.2-க்கு மேல இருந்தா வளையம் இம்மி நகராது. எண்ணெய் இல்லாத இரும்பு மேல இரும்பு அதைச் சுலபமா தாண்டும்.

இறுக்கிப் பிடிக்கிற யோசனை ஒரு நோயைக் குறைக்கும், இன்னொண்ணைக் கூட்டும். இழுவிசையை நாலு மடங்கு ஆக்கினா வேகம் ரெண்டு மடங்கு. கை சுண்டுற நேரம் மாறாது, அதனால துடிப்பு 4 மீட்டர் நீளமாகும். உள்ளே அதிகக் கயிறு, அதனால வளையத்தைக் கிளப்பப் பலம் கூடும். ஆனா அதே 10 சென்டிமீட்டர் 4 மீட்டரில் பரவினா சரிவு பாதியாகும், உராய்வைத் தாண்ட முடியாது. அதுக்கு மேல, 8 மீட்டர் கயிற்றில் 4 மீட்டர் துடிப்பு வந்தா போறது எது வர்றது எதுன்னு பிள்ளைகளுக்குத் தெரியாது.

வளையம்தான் வேணும்னா பத்து கிராமுக்கு ரொம்பக் கீழே, ஒரு கிராம் ரெண்டு கிராமில் தேடுங்க. உராய்வு அப்பவும் இருக்கும். என் யோசனை, வளையத்தையே விட்டுடுங்க. கயிற்றின் முனையில் தையல் நூலைக் கட்டி, நூலின் மறுமுனையை ஜன்னலில் கட்டுங்க. நூல் இழுவிசையைத் தாங்கும், பக்கவாட்டில் அதுக்கு எடையும் கிடையாது, உராய்வும் கிடையாது.

கேபிள் ஜாயின்டர் எழுதியது:

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். மண்ணுக்குள்ள போற கேபிளில் பழுது எங்கேன்னு பார்க்க ஒரு முனையில் மின் துடிப்பை அனுப்பி, திரும்பி வர்றதைத் திரையில் பார்ப்போம். கேபிள் அறுந்திருந்தா துடிப்பு அனுப்பின பக்கமே, மேலேயே வரும். ரெண்டு கம்பியும் ஒட்டி ஷார்ட் ஆகியிருந்தா கீழ்ப்பக்கம் கவிழ்ந்து வரும். இருபது வருஷமா இதைப் பார்த்துத்தான் எங்கே குழி தோண்டணும்னு சொல்றேன்.

ஆனா இங்கே படிச்சதும் குழப்பமா இருக்கு. அறுந்த இடத்தில் மின்னோட்டம் போக வழியே இல்லை, அடைச்சுக் கட்டின மாதிரி. அப்ப அதுதானே கட்டிய முனை? அது கவிழ்ந்துதானே வரணும்? நான் பார்க்கிறது நேர் எதிரா இருக்கே.

பழைய லேப் எழுதியது:

நீங்க பார்க்கிறதும் சரி, அறுந்த முனையைக் கட்டிய முனைன்னு நினைக்கிறதும் ஒரு வகையில் சரி. உங்க திரையில் தெரியுறது மின்னழுத்தம். அறுந்த முனையில் மின்னழுத்தம் ரெண்டு மடங்காகி அதே பக்கம் திரும்பும். ஆனா அதே நேரத்தில் மின்னோட்டத்தை அளக்க ஒரு கருவி வச்சிருந்தீங்கன்னா, அது கவிழ்ந்து வர்றதைப் பார்த்திருப்பீங்க. முனையில் ஓட்டம் சுழியா இருக்கணும்னா, வர்ற ஓட்டத்தைத் திரும்புற ஓட்டம் அழிச்சாகணும்.

கயிற்றிலும் அப்படித்தான். கட்டிய முனையில் கயிற்றின் நகர்வு கவிழுது, ஆனா முனையில் விசை கவிழாது, ரெண்டு மடங்காகும். டீச்சரோட ஜன்னல் கம்பியில் ஒரு விசைமானி வச்சா அது ரெண்டு மடங்கு உதையைக் காட்டும். கட்டற்ற முனையில் நகர்வு ரெண்டு மடங்கு, விசை சுழி. கவிழுதா இல்லையாங்கிறது எதை அளக்கிறோம்ங்கிறதைப் பொறுத்தது. மின்னோட்டத்தைக் கயிற்றின் வேகமாவும் மின்னழுத்தத்தை விசையாவும் வச்சுப் பாருங்க, அறுந்த கேபிள் கட்டிய முனையா ஆயிடும், முரண்பாடு போயிடும்.

கேபிள் ஜாயின்டர் எழுதியது:

இத்தனை வருஷம் அழுத்தத்தை மட்டுமே பார்த்துட்டு இருந்திருக்கேன். ஈரம் ஏறின ஜாயின்ட்டில் துடிப்பு பாதியா கீழே வளையும், மீதி தாண்டிப் போகும். டீச்சர் வளையம் மாதிரி ரெண்டும் கெட்டான் முனை போல.

பதினொண்ணு பி எழுதியது:

சார், தாளைச் சுற்றிப் பார்த்தேன், புரிந்தது. ஆனால் இன்னொன்று. கட்டிய முனையில் போகும் துடிப்பும் திரும்பும் தலைகீழ் துடிப்பும் ஒன்றன்மேல் ஒன்று வரும்போது ஒன்றையொன்று அழித்துவிடும் என்று படம் போட்டிருக்கிறது. அந்த நொடியில் கயிறு நேர்க்கோடாக இருக்கிறது. துடிப்பு எங்கே போனது? ஒன்றுமே இல்லாத நேர்க்கயிற்றிலிருந்து அடுத்த கணம் துடிப்பு எப்படி வருகிறது?

கரும்பலகை எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நேற்று ராத்திரி அந்தப் படத்தைத்தான் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிய முனையில் துடிப்பு முட்டும்போது ஒரே ஒரு படத்தில் கயிறு நேர்க்கோடாக இருக்கிறது. ஆனால் ஜன்னல் கம்பியை ஒட்டிய ஒரு மீட்டர் கயிறு மட்டும் அந்தப் படத்தில் கலங்கலாக, இரண்டு மூன்று மடங்கு தடிமனாகத் தெரிகிறது. மற்ற இடத்தில் கயிற்றின் முறுக்குகூடத் தெளிவாகத் தெரிகிறது. கலங்கல் ஏன்? அந்த இடம் அவ்வளவு வேகமாகக் குறுக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. வடிவம்தான் அழிந்தது, ஓட்டம் இரண்டு மடங்காகிவிட்டது. துடிப்பின் ஆற்றல் முழுவதும் அந்தக் கணத்தில் இயக்க ஆற்றலாக இருக்கிறது. உன்னிடம் கைப்பேசி இருந்தால் நீயே எடுத்துப் பார்.

கட்டற்ற முனை கிடைத்தால் அங்கே இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும், இரண்டு மடங்கு உயரத்தில் கயிறு ஒரு கணம் அசையாமல், தெளிவாக நிற்க வேண்டும். அதைப் பார்க்கத்தான் ஆசை. ஆனால் நூல் கட்டியும் எனக்குத் தலைகீழாகத்தான் வருகிறது சார்! அரை மீட்டர் தையல் நூல் கட்டியிருக்கிறேன்.

பழைய லேப் எழுதியது:

நீளத்தைச் சொல்லாம விட்டது என் தப்பு. அரை மீட்டர் போதாது. நூலின் மறுமுனை ஜன்னலில் இருக்கில்லையா? கயிற்றின் முனை பத்து சென்டிமீட்டர் ஒதுங்கினா அரை மீட்டர் நூல் நல்லா சாய்ஞ்சு, முனையை நடுக்கோட்டுக்கு இழுக்கும். 2 மீட்டர் துடிப்பு முழுசா வந்து சேர்றதுக்குள்ள இழுத்துடும். கயிற்றுக்கு அது அரை மீட்டர் தள்ளி ஒரு ஆணி இருக்கிற மாதிரி. நூல் துடிப்பை விட நல்லா நீளமா இருக்கணும். மூணு மடங்காவது விடுங்க, 6 மீட்டர். வராந்தா போதுமா?

கரும்பலகை எழுதியது:

போதும், கடைசித் தூணிலிருந்து படிக்கட்டு வரை. இன்று காலை மணி அடிப்பதற்கு முன்னால் பிள்ளைகளோடு சேர்ந்து செய்துவிட்டேன்.

நேராக வந்தது. நூலும் கயிறும் சேரும் முடிச்சில் ஒரு சிவப்பு ரிப்பன் துண்டைக் கட்டியிருந்தேன். துடிப்பு வந்ததும் ரிப்பன் துள்ளி 15 சென்டிமீட்டருக்கு மேல் ஒதுங்கியது, அந்த உச்சியில் இரண்டு படத்துக்கு அசையாமல் நின்றது. ரிப்பனின் ஓரத்தில் பிரிந்த இழைகூடத் தெரிந்தது. புத்தகம் தப்பா என்று கேட்ட பெண்தான் கைப்பேசியைப் பிடித்திருந்தாள்.

ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது. திரும்பி வந்த நேரான துடிப்புக்குப் பின்னால் தலைகீழாக ஒரு தாழ்ந்த வால் வந்தது. இன்னொன்று, கட்டிய முனையிலிருந்து என் கைக்குத் திரும்பும்போது துடிப்பு 8 சென்டிமீட்டர் இருக்கிறது, நூல் முனையிலிருந்து வருவது 6தான். கயிறு அதே கயிறு, தூரம் அதே தூரம்.

பழைய லேப் எழுதியது:

வால் வரணும். வளையத்தில் முதலில் தலைகீழ், பின்னால நேரான வால். நூலில் முதலில் நேர், பின்னால தலைகீழ் வால். 6 மீட்டர் நூலும் ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டு மெல்லவாவது முனையைத் திருப்பி இழுக்குது, அதன் கணக்குத்தான் அது. நூலை இன்னும் நீளமாக்கினா வால் தாழும், ஆனா நீளும். எடையுள்ள வளையமும் நீளமுள்ள நூலும் இந்த விஷயத்தில் ஒண்ணுக்கொண்ணு எதிர்ப்பக்கத்துப் பிம்பம்.

உயரக் குறைவில் ஒரு பகுதியும் அந்த இழுப்புதான். என் கணக்கில் 8 என்பது ஏழுக்குக் கொஞ்சம் கீழே வரணும், ஆறரைக்கு மேல. 6 வரைக்கும் இறங்குறது எனக்கு விளங்கலை. முடிச்சு பெரிசா?

கரும்பலகை எழுதியது:

முடிச்சும் ரிப்பனும் சேர்ந்து ஒரு கிராம் இருக்கலாம். அந்த ஒரு கிராமுக்கு இவ்வளவா?

சைக்கிள்கடை எழுதியது:

டீச்சர், கைப்பேசிப் படத்தில் அரை சென்டிமீட்டர் முன்னப் பின்ன இருக்கும். கயிறு கலங்கலாத் தெரியுறப்ப எந்த ஓரத்தை வச்சு அளந்தீங்க? எனக்கு அதுதான் சந்தேகம். சுவரில் கோடு போட்ட அட்டையைப் பின்னால நிறுத்தி, ரெண்டையும் பத்து தடவை எடுத்துப் பாருங்க.

பழைய லேப் எழுதியது:

அளவுப் பிழையா இருக்கலாம். ஆனா நைலான் கயிறு நூலில் முடியுற இடத்தில் பிரிஞ்சிருந்தா, இழைகள் ஒண்ணோடொண்ணு உரசியும் ஆற்றல் போகும். கட்டிய முனையில் அந்த இடம் அசையாது, கட்டற்ற முனையில் ரெண்டு மடங்கு அசையுது. முனையைத் தீயில் லேசாக் காட்டி உருக்கி ஒட்டவச்சு, ரிப்பனைக் கழட்டிட்டு ஒரு தடவை எடுங்க. 6 மாறுதா பார்ப்போம்.

கரும்பலகை எழுதியது:

திங்கட்கிழமை அட்டையோடு செய்கிறேன். ரிப்பனோடு பத்து, ரிப்பன் இல்லாமல் பத்து. எண்களை இங்கே போடுகிறேன்.